முப்பத்தெட்டு ரூபாய் கணக்கு

தாளின் மேல் மூலையில் ஒரு பென்சில் டப்பா படம், பக்கத்தில் ₹38 என்று விலைச்சீட்டு. கீழே ஏழு படங்கள் கலைந்து கிடக்கின்றன: இருபது ரூபாய் நோட்டு ஒன்று, பத்து ரூபாய் நோட்டு ஒன்று, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, இரண்டு ரூபாய் நாணயம் நான்கு. குழந்தைக்கு இரண்டு வேலைகள். முதலில் மொத்தம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று எழுத வேண்டும். பிறகு டப்பாவை வாங்க எவை எவை வேண்டுமோ அவற்றை மட்டும் வட்டமிட வேண்டும். மீதிச் சில்லறை கிடையாது, சரியாக 38 ரூபாய் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் வகுப்புக்கான பணப் பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும். 2017-இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட கற்றல் விளைவுகளிலும் இரண்டாம் வகுப்பில் இதற்கு ஒரு வரி உண்டு. விளையாட்டுப் பணத்தில் மூன்று நான்கு நோட்டு, நாணயங்களைக் கொண்டு நூறு ரூபாய் வரையான ஒரு தொகையைக் குழந்தை காட்ட வேண்டும் என்கிறது அது. படிக்கும்போது எளிதாகத்தான் தெரிகிறது. வீட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஐந்து நிமிடம் கழித்து, "இவ்வளவு சுலபமான கணக்கை ஏன் தப்பாப் போடுறே?" என்று குரல் உயரும்.

கணக்கு சுலபமில்லை என்பதுதான் உண்மை. கூட்டல் தெரிந்த பிள்ளையும் இதில் தடுமாறும். அதற்குக் காரணம் கூட்டலில் இல்லை, எண்ணிப் பழகிய விதத்தில் இருக்கிறது.

மூன்று நான்கு வயதில் ஒரு குழந்தை எண்ணக் கற்கும்போது அது பிடித்துக்கொள்ளும் அடிப்படை விதி, ஒரு பொருளுக்கு ஒரு எண். ஒரு கோலிக்குண்டைத் தொட்டால் ஒன்று, அடுத்ததைத் தொட்டால் இரண்டு. ரோச்செல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் குழந்தைகளின் எண்ணறிவு பற்றி 1978-இல் எழுதிய நூலில் எண்ணுதலின் ஐந்து விதிகளைப் பட்டியலிட்டார்கள். அவற்றுள் முதலாவது இதுதான். இந்த விதி மனத்தில் ஊறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஊறி முடித்த கையோடு, ஆறு ஏழு வயதில், ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து, "இது ஒண்ணு இல்ல, அஞ்சு" என்கிறோம். தொடுவது ஒரு முறை, எண்ணுவது ஐந்து. அதுவும் அருகிலுள்ள இரண்டு ரூபாய் நாணயத்துக்கு வேறு கணக்கு, நோட்டுக்கு வேறு கணக்கு. கோலிக்குண்டில் பழகிய விதியை ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒவ்வொரு விதமாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிய தனித் தேர்வு எதுவும் வேண்டாம். மேலே சொன்ன ஏழு படங்களுக்கு அது என்ன விடை எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

சரியான விடை 43. ஒரு பிள்ளை 7 என்று எழுதினால் அது இன்னும் கோலிக்குண்டுதான் எண்ணுகிறது. படங்களைப் பார்த்திருக்கிறதே தவிர அவற்றின் மதிப்பைப் பார்க்கவில்லை. 26 என்று எழுதினால் ஒரு படி ஏறியிருக்கிறது. பெரிய நோட்டை இருபது என்று வாசித்துவிட்டு, அதன் பிறகு வந்த ஆறையும் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. 80 என்று எழுதிய பிள்ளைக்குப் பத்துப்பத்தாக எண்ணத் தெரியும், ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. இருபது, முப்பது என்று தொடங்கிய ஓட்டத்தில் ஐந்து ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்களுக்கும் பத்தே போட்டுக்கொண்டு போய்விட்டது. 55 என்றால் ஐந்து ரூபாயில் ஓட்டத்தை மாற்றியிருக்கிறது, இரண்டு ரூபாய் வந்தபோது மறுபடியும் மாற்றவில்லை. 39 என்று எழுதிய பிள்ளை எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசி நான்கு நாணயங்களை மட்டும் ஒவ்வொரு ரூபாயாக எண்ணிவிட்டது.

ஐந்தும் தப்பு விடைகள்தான். ஆனால் 7-க்கும் 39-க்கும் நடுவே ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சிவப்பு மையில் தவறுக்குறி போட்டுவிட்டு நகர்ந்தால் அந்தத் தாளால் ஆசிரியருக்குக் கிடைத்த செய்தி வீண்.

41, 45 என்ற விடைகள் வேறு ரகம். 41 என்றால் ஓர் இரண்டு ரூபாய் விடுபட்டிருக்கிறது; 45 என்றால் ஏதோ ஒன்றை இரண்டு முறை எண்ணியிருக்கிறது. இது புரியாமை இல்லை, கண் தடுமாற்றம். எண்ணிய ஒவ்வொரு படத்தின் மேலும் பென்சிலால் ஒரு சாய்கோடு போடச் சொன்னால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 80 என்று எழுதிய பிள்ளைக்கு அந்தச் சாய்கோடு எந்த உதவியும் செய்யாது.

ஓட்டம் மாறும் இடத்தில் விழும் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்? அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்லும் வழி, ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நிறுத்தம் வைப்பது. நோட்டுகளை எண்ணி முடித்ததும் விரலை எடுத்து, "இப்ப கையில எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். "முப்பது" என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "அடுத்து வர்றது என்ன காசு?" என்று கேட்டால், "அஞ்சு". அதற்குப் பிறகுதான் விரல் நகர வேண்டும். கேட்பதற்குச் சலிப்பாக இருக்கும், ஆனால் ஒரே வேகத்தில் ஓடுவதை நிறுத்த இதைவிட நேரடியான வழி இல்லை. 7 என்றும் 26 என்றும் எழுதும் பிள்ளைகளுக்கு இது போதாது. அவர்களுக்கு ஐந்து ரூபாய்ப் படத்தின் மேல் ஐந்து புள்ளிகளும் இரண்டு ரூபாய்ப் படத்தின் மேல் இரண்டு புள்ளிகளும் வைத்துக்கொடுத்து, புள்ளிகளைத் தொட்டு எண்ணவைக்கலாம். சில நாள்களில் புள்ளிகளைக் குறைத்து, பிறகு அறவே நீக்கிவிட வேண்டும். நீக்க மறந்தால் பிள்ளை நாணயத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் பார்க்கப் பழகிவிடும்.

படங்களைக் கலைத்துப் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. கடையில் விற்கும் பல பயிற்சிப் புத்தகங்களில் நோட்டுகள் முதலில், பிறகு பெரிய நாணயம், பிறகு சிறிய நாணயம் என்று இறங்குவரிசையில் அச்சிட்டிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தத் தாள் பிள்ளை செய்ய வேண்டிய பாதி வேலையைத் தானே செய்துவிடுகிறது. ஏழு படங்கள் 2, 20, 2, 5, 10, 2, 2 என்று கலைந்து கிடந்து, பிள்ளை அதே வரிசையில் எண்ணினால் 2, 22, 24, 29, 39, 41, 43 என்று போக வேண்டும். இருபத்துநான்கோடு ஐந்து, இருபத்தொன்பதோடு பத்து என்று ஒவ்வொரு அடியும் பாரம். பெரியதிலிருந்து தொடங்கினால் 20, 30, 35 வரை வழுக்கிக்கொண்டு போகலாம். எதை முதலில் எடுப்பது என்று முடிவெடுப்பதும் எண்ணுவதில் ஒரு பகுதி. அந்த முடிவைப் பிள்ளைதான் எடுக்க வேண்டும்.

பெரியதிலிருந்து இறங்கினாலும் ஒரு குழி காத்திருக்கிறது. முப்பத்தைந்துக்கு வந்த பிறகு இரண்டிரண்டாகப் போக வேண்டும்: 37, 39, 41, 43. பள்ளியில் இரண்டிரண்டாக எண்ணச் சொன்னால் பிள்ளைகள் 2, 4, 6, 8 என்று பாட்டாகவே ஒப்பிப்பார்கள். ஒற்றை எண்ணிலிருந்து தொடங்கி இரண்டிரண்டாக எண்ணுவதை யாரும் அவர்களுக்குப் பாட்டாகச் சொல்லித்தந்ததில்லை. அதனால்தான் 39 வரை சரியாக வந்த பிள்ளையும் அங்கிருந்து 40, 42 என்று தடம் மாறும்.

சில பிள்ளைகள் இந்தக் குழியைச் சுற்றிக்கொண்டு போவார்கள். யாரும் சொல்லாமலே நான்கு இரண்டு ரூபாய்களையும் ஒன்றாகச் சேர்த்து எட்டு என்று வைத்துக்கொள்வார்கள். முப்பதும் எட்டும் முப்பத்தெட்டு, அதோடு ஐந்து, நாற்பத்து மூன்று.

இப்படித் தொகுதி தொகுதியாகக் கட்டிக்கொண்டு போவது பள்ளிக்கூடத்துக்கு வெளியே பிள்ளைகள் இயல்பாகச் செய்யும் வேலை. 1985-இல் தெரசின்யா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமான் ஆகியோர் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர்களைப் போலப் போய்ப் பேசி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ என்ற பையனிடம் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டபோது, அவன் பூஜ்யத்தைச் சேர்க்கவில்லை. மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று போட்டால் 210, இன்னும் மூன்று, அப்புறம் ஒன்று என்று அடுக்கி 350-க்கு வந்தான். கடையில் கேட்ட கணக்குகளில் இந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்குகளை எண்களாக மட்டும் எழுதிக் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்தான். கதையோடு சேர்த்துக் கேட்டபோது 74 சதவீதம். பயிற்சித்தாளில் பென்சில் டப்பா படமும் விலைச்சீட்டும் இருப்பது அலங்காரத்துக்காக மட்டும் இல்லை என்பதற்கு இந்த மூன்று எண்களும் போதும்.

இனி இரண்டாவது வேலை. ஏழிலிருந்து சரியாக 38 ரூபாயைப் பொறுக்க வேண்டும்.

மொத்தத்தைச் சரியாக எண்ணிய பிள்ளையும் இங்கே பெரியதிலிருந்தே தொடங்கும். இருபதுக்கு வட்டம், பத்துக்கு வட்டம், ஐந்துக்கு வட்டம். முப்பத்தைந்து ஆயிற்று. இன்னும் மூன்று ரூபாய் வேண்டும். இரண்டு ரூபாய் ஒன்றுக்கு வட்டமிட்டால் முப்பத்தேழு. இன்னொன்றைச் சேர்த்தால் முப்பத்தொன்பது. பென்சில் நின்றுவிடும்.

"டீச்சர், ஒரு ரூபா காசு இல்ல."

"ஆமா, இல்ல."

"அப்ப எப்படி டீச்சர்?"

இந்த இடத்தில் பிள்ளைகள் நான்கு விதமாகப் பிரிவார்கள். சிலர் தாளின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைத் தாங்களே வரைந்து அதையும் வட்டமிட்டுவிடுவார்கள். சிலர் இரண்டு ரூபாயின் குறுக்கே கோடு போட்டுப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சிலர், "39 குடுத்துட்டு ஒரு ரூபா மீதி வாங்கிக்கலாம்ல?" என்று கேட்பார்கள். கடைக்குப் போய்ப் பழகிய பிள்ளை இது. வாழ்க்கையில் அந்த விடை சரியானதுதான், அந்த ஒரு ரூபாய்க்குக் கடைக்காரர் மிட்டாயை நீட்டுவார் என்பது தனிக்கதை. அந்தப் பிள்ளையிடம் தப்பு என்று சொல்லக்கூடாது. இந்தக் கடையில் சில்லறை இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நான்காவது வகை, ஏற்கெனவே போட்ட ஒரு வட்டத்தை அழிக்கும் பிள்ளை.

அழிக்க வேண்டியது எதை என்பதில்தான் இந்தத் தாளின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. ஐந்து ரூபாயை விட்டுவிட்டால் 20, 10, 2, 2, 2, 2. சரியாக முப்பத்தெட்டு. பெரிய நாணயம் கையில் இருக்கும்போதே அதைத் தள்ளிவிட்டுச் சிறியவற்றை எடுக்க வேண்டும். கடைசியாகப் போட்ட வட்டத்தை அழிக்கப் பிள்ளைகள் தயங்க மாட்டார்கள், நடுவில் போட்டதை அழிக்கத்தான் மனம் வராது. முப்பத்தைந்து வரை வந்தது வெற்றி என்று தோன்றியிருக்கும், அதைக் கலைக்க வேண்டும் என்றால் யோசிக்கத்தானே செய்யும்.

பெரியதை முதலில் எடுத்து, மிச்சத்துக்கு அடுத்த பெரியதை எடுப்பது என்ற வழி நம் நாட்டுப் பணத்தில் பெரும்பாலும் பலிக்கும். எல்லா வகையும் கையில் வேண்டிய அளவு இருந்தால், மிகக் குறைந்த எண்ணிக்கையில் ஒரு தொகையைக் கொடுக்கும் வழியும் அதுவே. நாணயங்கள் 1, 2, 5 என்றும், பிறகு 10, 20, 50 என்றும் அடுக்கியிருப்பதன் பலன் அது. ஒன்று முதல் ஒன்பது வரை எந்த ரூபாயையும் மூன்று நாணயங்களுக்குள் கொடுத்துவிடலாம்: எட்டுக்கு ஐந்து, இரண்டு, ஒன்று, ஒன்பதுக்கு ஐந்து, இரண்டு, இரண்டு. ஐம்பது ரூபாய் நோட்டும் சேர்ந்தால் நூறுக்குள் எந்தத் தொகைக்கும் ஆறுக்கு மேல் தேவைப்படாது. ஆனால் ஒரு ரூபாய் நாணயம் தீர்ந்துபோன கல்லாவில் இந்த வழி 6 ரூபாயிலும் 8 ரூபாயிலும் முட்டிக்கொள்ளும். ஐந்தை எடுத்தால் மிச்சம் ஒன்றோ மூன்றோ, அதை இரண்டு ரூபாய்களால் அடைக்க முடியாது. 38 ரூபாய்த் தாளை வடிவமைத்தவர் ஒரு ரூபாய் நாணயத்தை மறந்து விடவில்லை, வேண்டுமென்றே ஒளித்திருக்கிறார்.

ஐந்தை விட வேண்டும் என்று கண்டுபிடிக்க வேறு இரண்டு வழிகளும் உண்டு. மொத்தம் 43 என்று முதல் வேலையில் எழுதியாயிற்று. வேண்டியது 38. ஆகவே ஐந்து ரூபாயைத் தாளில் விட்டுவிட வேண்டும். விடுவதற்கு அங்கே ஓர் ஐந்து ரூபாய் தயாராகவே இருக்கிறது. எதை எடுப்பது என்று தேடுவதைவிட எதை விடுவது என்று தேடுவது இங்கே குறுக்குவழி. இன்னொன்று, இரட்டைப்படை எண்கள் தெரிந்த பிள்ளைக்கானது. 38 இரட்டைப்படை. ஏழில் ஒற்றைப்படை மதிப்புள்ளது அந்த ஐந்து ரூபாய் மட்டும்தான். அதைச் சேர்த்தால் கூட்டுத்தொகை ஒற்றைப்படையாகிவிடும். ஆகவே சேர்க்கவே முடியாது. இரண்டாம் வகுப்பில் இதை எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் தானாகச் சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள்.

எண்ணால் சொல்லிப் புரியாத பிள்ளைக்குக் கத்தரிக்கோலும் ஸ்கேலும் போதும். ஒரு ரூபாய்க்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, சாக்பீஸால் தரையில் 38 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. பழைய காலண்டர் தாளில் 20, 10, 5 சென்டிமீட்டர் நீளத்தில் ஒவ்வொரு துண்டும், இரண்டு சென்டிமீட்டரில் நான்கு துண்டுகளும் வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் அதன் மதிப்பை எழுதிவிட வேண்டும். பிள்ளை துண்டுகளைக் கோட்டின் மேல் முனையோடு முனை வைத்துக்கொண்டு போகும். ஐந்தையும் வைத்தால் கடைசித் துண்டு ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அல்லது ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விழும். அந்த ஒரு சென்டிமீட்டரைக் கண்ணால் பார்த்த பிள்ளை ஐந்தை உருவிவிட்டு இரண்டுகளை நிரப்பிப் பார்க்க அதிக நேரம் எடுப்பதில்லை. காகிதத்தில் வட்டத்தை அழிப்பதைவிடத் தரையில் ஒரு துண்டை நகர்த்துவது மனத்துக்கும் இலகு.

தாளில் அச்சாகும் படங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கிருந்து வருகிறது. நாணயம் பெரிதாக இருந்தால் மதிப்பும் பெரிது என்று சின்னப் பிள்ளைகள் நம்புவார்கள். நம் நாணயங்கள் அந்த நம்பிக்கையைக் கெடுக்கும். 2011 வரிசையில் வந்த இரண்டு ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டர் அகலம். அதே வரிசையின் ஐந்து ரூபாய் 23 மில்லிமீட்டர்தான். 2019-இல் அறிவிக்கப்பட்ட புதிய வரிசையில் இதைச் சரிசெய்தார்கள்: ஒரு ரூபாய் 20, இரண்டு ரூபாய் 23, ஐந்து ரூபாய் 25, பத்து ரூபாய் 27 மில்லிமீட்டர். வரிசை சரியாகிவிட்டது, ஆனால் பழையவை புழக்கத்தில் இருக்கின்றன. ஆகவே பழைய இரண்டு ரூபாயும் புதிய ஐந்து ரூபாயும் இன்று ஒரே அகலம். நிறம் கொஞ்சம் கைகொடுக்கும்: ஐந்து ரூபாய் பெரும்பாலும் பித்தளை மஞ்சள், இரண்டு ரூபாய் எவர்சில்வர் வெள்ளை. இருபது ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கங்கள். பத்து ரூபாயைப் போலவே 27 மில்லிமீட்டர் இருந்தாலும் விரலால் தடவினால் தெரிந்துவிடும்.

ஆனால் படத்தைத் தடவ முடியாதே. பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்குத் தாள் வேண்டும் என்றால் ஜெராக்ஸ்தான், அதுவும் கறுப்பு வெள்ளையில். மஞ்சளும் வெள்ளையும் சாம்பல் நிறமாகிவிடும். நோட்டுகளின் கதியும் அதுவே. பத்து ரூபாயின் சாக்லேட் பழுப்பு, இருபதின் பச்சை கலந்த மஞ்சள், ஐம்பதின் பளீர் நீலம், நூறின் வெளிர் ஊதா எல்லாம் போய்விடும். நீளத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், பத்து ரூபாய் நோட்டு 123 மில்லிமீட்டர், இருபது ரூபாய் 129. ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் சின்னதாக்கிய படத்தில் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆகவே ஜெராக்ஸ் எடுத்த தாளில் பிள்ளை எண்ணை வாசித்தே தீர வேண்டும். எண்ணை மையம் பார்த்துப் பெரிதாக எழுதிய எளிய வட்டமும் செவ்வகமும், மங்கிய புகைப்படத்தைவிட எவ்வளவோ மேல். உண்மையான காசைத் தாளின் பக்கத்தில் வைத்து, படத்தின் மேல் அதே காசை அடுக்கச் சொல்வது அதைவிடவும் மேல். நாற்பத்து மூன்று ரூபாய்ச் சில்லறை எந்த வீட்டிலும் தேறும். கடைகளில் இப்போது செல்போனை நீட்டிப் பணம் கட்டுகிறோம் என்பதால், சில பிள்ளைகள் ஐந்து ரூபாய் நாணயத்தை முதன்முதலில் நிதானமாகத் திருப்பிப் பார்ப்பதே இந்தத் தாளின் பக்கத்தில் வைத்துத்தான்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தாள்களை இறக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்க நாணயங்கள். அங்கே பத்து சென்ட் நாணயம் ஐந்து சென்ட்டைவிட மட்டுமல்ல, ஒரு சென்ட்டைவிடவும் சிறியது. போதாக்குறைக்கு, அவர்களுடைய சென்ட் நாணயங்களில் மதிப்பை எண்ணாகப் பொறிப்பதே இல்லை, எழுத்தில்தான் இருக்கும். நாணயத்தின் பெயரையும் முகத்தையும் மனப்பாடம் செய்வது அந்த நாட்டுப் பிள்ளைக்குப் பாடத்தின் ஒரு பகுதி. நம் பிள்ளைக்கு அது தேவையில்லாத சுமை. இருபத்தைந்து சென்ட்டை அப்படியே இருபத்தைந்து பைசா என்று மாற்றிப் போட்ட தாள்களும் சுற்றுகின்றன. இருபத்தைந்து பைசா 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாக்காசு ஆகிவிட்டது.

வீட்டிலேயே கலர் பிரின்ட் எடுத்து நிஜ நோட்டைப் போலவே வெட்டிக்கொடுக்கும் ஆர்வமும் சிலருக்கு உண்டு. அது வேண்டாம். நிஜ நோட்டு என்று ஏமாறும்படி ஒத்திருக்கும் தாளை உருவாக்குவதைத் தடுக்கச் சட்டப் பிரிவே இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 489இ, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவின் 182. ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, அளவை நன்றாக மாற்றி, குறுக்கே 'விளையாட்டுப் பணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டால் பிள்ளைக்கும் வசதி, கடைக்காரருக்கும் குழப்பமில்லை.

38 ரூபாய்த் தாளை முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுக்கலாம்? பெரிய தொகை கொடுப்பதுதான் வழக்கம். அதைவிட, சிறிய தொகைக்கு எத்தனை வழிகள் என்று கேட்பது நல்ல தீனி. ஐந்து ரூபாயை 1, 2, 5 நாணயங்களால் நான்கு விதமாகக் கொடுக்கலாம். ஒரே ஐந்து, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒரு இரண்டும் மூன்று ஒன்றுகளும், ஐந்து ஒன்றுகள். இந்த நான்கையும் பெரும்பாலான பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்து ரூபாய் என்று மாற்றினால், பத்து ரூபாய் நாணயத்தையும் சேர்த்து, வழிகள் பதினொன்று ஆகின்றன. ஒழுங்கில்லாமல் தேடினால் ஏழு எட்டோடு நின்றுவிடும், அல்லது ஒரே வழியை இரண்டு முறை எழுதிவிடும். முதலில் இரண்டு ஐந்து, பிறகு ஓர் ஐந்து, பிறகு ஐந்தே இல்லாமல் என்று வரிசை பிடிக்கும் பிள்ளைக்கு மட்டும் எல்லாம் அகப்படும்.

இன்னும் ஒரு படி மேலே போனால், தாளையே பிள்ளை தயாரிக்கலாம். ஒரு வெள்ளைத் தாள், மேலே ஒரு பொருள், அதன் விலை, கீழே காசுகளின் படங்கள். பக்கத்தில் இருப்பவர் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். பொருள் எளிதில் வந்துவிடும், விலையும் வந்துவிடும். காசுகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சண்டை. 24 ரூபாய்ப் பம்பரத்துக்கு 20, 10, 5, 5 என்று வரைந்து நீட்டும் ஒரு பிள்ளை. வாங்கிக்கொண்ட பிள்ளை இருபதோடு ஐந்தைச் சேர்க்கும், இருபத்தைந்து; பத்தோடு ஐந்துகள் இரண்டைச் சேர்க்கும், இருபது. மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, "இது வராது" என்று திருப்பிக் கொடுக்கும். "வரும், மொத்தம் நாப்பது இருக்கே" என்று வரைந்த பிள்ளை வாதாடும். இருவரையும் கூப்பிட்டு, அந்த நான்கு படங்களால் என்னென்ன விலைதான் கட்ட முடியும் என்று எழுதச் சொன்னால் பட்டியல் இப்படி வரும்: 5, 10, 15, 20, 25, 30, 35, 40. அதைப் பார்த்த பிறகு வரைந்த பிள்ளைக்கு இரண்டு வழிகள் உண்டு. விலையை 25 என்று திருத்தலாம், அல்லது இரண்டு ரூபாய் நாணயங்கள் இரண்டைக் கூட வரையலாம்.